நான்கு கடன், ஒரே சம்பளம்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: "மாதச் சம்பளம் 45,000 ரூபாய், வேறு வருமானம் இல்லை. வீட்டுச் செலவு 28,000 போக 17,000 மிஞ்சுகிறது. கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி. மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தது 4,000 கட்டச் சொல்கிறார்கள். தனிநபர் கடனில் 1,50,000 பாக்கி. ஆண்டுக்கு 15 சதவீதம், தவணை 6,000. வீட்டுச் சாமான் வாங்க எடுத்த கடன் 30,000. வட்டி 10 சதவீதம் என்றார்கள், மாதம் 2,750 வீதம் 12 தவணையில் 6 கட்டிவிட்டேன். தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு 40,000 வாங்கி, மாதம் 800 கொடுத்து வருகிறேன். அசல் அப்படியே நிற்கிறது. சின்னக் கடனை முதலில் முடி என்கிறார் நண்பர். வட்டி அதிகமானதை முதலில் அடை என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது? எதற்கு எவ்வளவு கட்டுவது?"

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அண்ணன் சொல்லும் வரிசைதான் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். முதலில் கடன் அட்டை, அது முடிந்ததும் தெரிந்தவரிடம் வாங்கிய 40,000, கடைசியில் தனிநபர் கடன். சாமான் கடனுக்கு உரிய தவணையை மட்டும் கட்டி, அதை அதன் போக்கில் முடிய விட்டுவிடலாம். நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதால், இரண்டு வரிசைகளையும் கடைசி மாதம் வரை போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். அந்தக் கணக்கை நீங்களும் ஒரு நோட்டில் போட்டுப் பார்க்கும்படி, படிப்படியாகவே சொல்கிறேன்.

வட்டியின்படி வரிசைப்படுத்துவதற்கு முன், நான்கு வட்டிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் கடிதத்தில் இருக்கும் 3, 15, 10, 2 என்ற நான்கு எண்களும் நான்கு விதமாகச் சொல்லப்பட்டவை. அட்டையின் 3 சதவீதம் ஒரு மாதத்துக்கு. ஆண்டுக்கு அது 36. இரண்டு வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு அது 24. தனிநபர் கடனின் 15 சதவீதம், மாதா மாதம் குறைந்துவரும் நிலுவையின்மீது போடப்படும் ஆண்டு வட்டி. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் இருப்பது சாமான் கடனில்தான்.

10 சதவீதம் என்று உங்களிடம் சொன்னார்கள். மாதம் 2,750 வீதம் 12 மாதத்துக்கு நீங்கள் கட்டுவது 33,000. வாங்கிய 30,000 போக வட்டி 3,000. அதாவது 30,000-க்கு 10 சதவீதம் என்ற கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த 30,000 உங்கள் கையில் ஓராண்டு முழுவதும் இருக்கவில்லை. முதல் தவணையிலிருந்தே அசலில் ஒரு பங்கு திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் உங்களிடம் இருந்த பணம் 16,000 சொச்சம்தான். அந்தப் பதினாறாயிரத்துச் சொச்சத்துக்கு 3,000 ரூபாய் வட்டி என்றால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். தொடக்கத் தொகை முழுவதற்கும் கடைசி வரை வட்டி போடும் இந்த முறையில் சொல்லப்படும் வீதம், உண்மையான வீதத்தில் பாதியைச் சற்றே தாண்டியதாகத்தான் இருக்கும். நான்கில் இதுவே மலிவான கடன் என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும்; தனிநபர் கடன்தான் இதைவிட மலிவு.

ஆகவே, வட்டி வரிசை இது: அட்டை 36, தெரிந்தவரிடம் வாங்கியது 24, சாமான் கடன் 18, தனிநபர் கடன் 15. தொகை வரிசையோ வேறு மாதிரி அமைகிறது. சாமான் கடனில் மீதமுள்ள அசல் சுமார் 15,670. அடுத்து 40,000, அடுத்து 80,000, கடைசியில் 1,50,000. இரண்டு வரிசையிலும் தனிநபர் கடன் கடைசியில்தான் நிற்கிறது. எனவே உங்கள் வீட்டில் நடக்கும் விவாதம், உண்மையில் மற்ற மூன்றையும் பற்றியதுதான்.

அடுத்ததாக, மாதம் எவ்வளவு கடனுக்குப் போக முடியும் என்பதை முடிவு செய்ய வேண்டும். மிஞ்சும் 17,000-ஐயும் கடனில் போட்டுவிட வேண்டாம். நீங்கள் சொன்ன 28,000-இல் மாதா மாதம் வரும் செலவு மட்டுமே அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கட்டணம், காப்பீட்டுத் தவணை, பழுது பார்க்கும் செலவு, மருத்துவச் செலவு ஆகியவை அதில் இருக்காது. நிலையான சம்பளக்காரரின் கடன் திட்டம் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்று மாதம் கடைசி ரூபாய் வரை கடனில் கட்டுவார்கள். நான்காம் மாதம் 5,000 ரூபாய்ச் செலவு ஒன்று வந்து நிற்கும். கையில் பணம் இல்லாததால் அதே அட்டையைத் தேய்ப்பார்கள். அதனால் மாதம் 1,500 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். கடனுக்குப் போகும் தொகை 15,500. கடைசிக் கடன் முடியும் மாதம்வரை இந்தத் தொகையை மாற்றாதீர்கள். ஒரு கடன் முடிந்தாலும் அதன் தவணை வீட்டுச் செலவுக்குத் திரும்பி வரக்கூடாது, அடுத்த கடனுக்கே போக வேண்டும்.

நான்கு கடனுக்கும் சேர்த்து இப்போது நீங்கள் கட்டியே ஆகவேண்டியது 13,550: அட்டைக்கு 4,000, தனிநபர் கடனுக்கு 6,000, சாமான் கடனுக்கு 2,750, வட்டியாக 800. 15,500-இல் இது போக மீதம் 1,950 ரூபாய். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற கேள்வி முழுவதும் இந்த 1,950-ஐ எங்கே போடுவது என்பதில்தான் தொடங்குகிறது. இதை நான்காகப் பிரித்துச் சிறிது சிறிதாகப் போட்டால் எந்தக் கடனும் விரைவில் முடியாது. மற்ற மூன்றுக்கும் கட்டாயத் தொகையை நாள் தவறாமல் கட்டிவிட்டு, உபரியை ஒரே ஒரு கடனில் போடுவதுதான் முறை.

முதலில் நண்பர் சொன்னபடி பார்ப்போம். 1,950-ஐ சாமான் கடனில் சேர்த்து மாதம் 4,700 கட்டினால் அது நான்காம் மாதம் முடிகிறது. பிறகு அந்த 4,700-ஐ தெரிந்தவரின் 800-உடன் சேர்த்து 5,500-ஆகக் கொடுத்தால், அந்தக் கடன் பன்னிரண்டாம் மாதம் முடிகிறது. அதுவரை அட்டைக்கு 4,000 மட்டுமே போகும். அதில் பாதிக்குமேல் வட்டியாகவே போய்விடுவதால், ஓராண்டின் முடிவிலும் அட்டையில் சுமார் 53,900 நிற்கும். அதன்பின் மாதம் 9,500 கட்டி, பத்தொன்பதாம் மாதம் அட்டையையும், இருபத்து மூன்றாம் மாதம் தனிநபர் கடனையும் முடிப்பீர்கள். மொத்த வட்டி ஏறத்தாழ 66,150.

இனி அண்ணன் சொன்னபடி. 1,950-ஐ அட்டையில் சேர்த்து மாதம் 5,950 கட்டுகிறீர்கள். ஆறாம் மாதத்தோடு சாமான் கடன் தானாகவே முடிகிறது. ஏழாம் மாதத்திலிருந்து அந்த 2,750-உம் அட்டைக்கே போக, மாதம் 8,700 ஆகிறது. பதினான்காம் மாதம் அட்டை முடிகிறது, பதினெட்டாம் மாதம் தெரிந்தவரின் கடன், இருபத்து மூன்றாம் மாதம் தனிநபர் கடன். மொத்த வட்டி ஏறத்தாழ 61,500.

இரண்டு வழியும் ஒரே மாதத்தில் முடிகின்றன. வட்டியில் உள்ள வித்தியாசம் 4,600 ரூபாய் அளவுதான். இத்தனை விவாதத்துக்கு இது குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உபரி 1,950 என்ற சிறிய தொகையாக இருப்பதும், மிகப் பெரிய கடன் இரண்டு வரிசையிலும் கடைசியில் நிற்பதும் இதற்குக் காரணம். இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எது மனதுக்கு உற்சாகம் தருகிறதோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டிருப்பேன். ஆனால் நிலையான சம்பளத்தில் வாழ்பவருக்கு வட்டியைப் போலவே முக்கியமான இன்னொரு எண் உண்டு: ஒரு மாதம் கை வறண்டுபோனால், எவ்வளவு கட்டினால் அபராதம் இல்லாமல் தப்பலாம் என்ற எண். அதைக் கட்டாயத் தொகை என்று வைத்துக்கொள்வோம்.

சிறிய கடனை முதலில் முடி என்பவர்களின் உண்மையான பலம் இந்தக் கட்டாயத் தொகையில்தான் இருக்கிறது. ஒரு கடன் முடிந்தால் அதன் தவணை முழுவதும் உங்கள் கழுத்திலிருந்து இறங்குகிறது. தனிநபர் கடனில் நீங்கள் 10,000 கூடுதலாகக் கட்டினாலும், அடுத்த மாதம் அதே 6,000-ஐக் கட்டித்தான் ஆகவேண்டும். சின்னக் கடனை முடித்தாலோ 2,750 ரூபாய்ப் பாரம் அடியோடு போகிறது. தவணைக் கடன்களை மட்டும் வைத்திருப்பவருக்கு இது சரியான வாதம். கடன் அட்டை அப்படிப்பட்டதல்ல. அதன் குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் நூற்றுக்கு இத்தனை என்றே கணக்கிடப்படுகிறது. உங்கள் அட்டையில் அது ஏறத்தாழ 5. அட்டையின் நிலுவையைக் குறைத்தால், கடன் முழுவதும் முடியும்வரை காத்திராமல், கட்டாயத் தொகையும் மாதா மாதம் கூடவே இறங்கிவருகிறது.

இதை வைத்து இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்காம் மாத முடிவில், நண்பரின் வழியில் கட்டாயத் தொகை 10,400 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. அண்ணனின் வழியில் அது இன்னும் 12,800-இல் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் நண்பரின் வழியே இலகுவானது. ஆறாம் மாதம் சாமான் கடன் முடிந்ததும் நிலைமை மாறுகிறது: நண்பரின் வழியில் சுமார் 10,040, அண்ணனின் வழியில் சுமார் 9,650. பன்னிரண்டாம் மாதம் பார்த்தால் நண்பரின் வழியில் சுமார் 8,700, அண்ணனின் வழியில் சுமார் 7,400. நண்பரின் வழி தரும் நிம்மதி நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டுமே. அதன்பின் வட்டியிலும் சரி, கட்டாயத் தொகையிலும் சரி, அண்ணனின் வழியே முன்னால் நிற்கிறது. உங்களுக்கு நான் அதைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சாமான் கடனை அவசரப்பட்டு அடைப்பதில் இன்னொரு வீணும் உண்டு. மீதியுள்ள ஆறு தவணைகளின் கூட்டுத்தொகை 16,500. அதில் அசல் 15,670 என்றால், இனி அதற்காக நீங்கள் கொடுக்கப்போகும் வட்டி மொத்தமே 830 ரூபாய்தான். இவ்வகைக் கடன்களில் முன்கூட்டியே முடித்தாலும் மீதித் தவணைகளை முழுதாகக் கேட்பவர்கள் உண்டு. அப்படியானால் அந்த 830-உம் மிச்சமாகாது.

உங்கள் கணக்கு கொஞ்சம் மாறியிருந்தாலும் என் பதில் மாறியிருக்கும். சாமான் கடனில் ஆறுக்குப் பதில் பதினெட்டுத் தவணைகள் பாக்கி இருந்து, அந்தக் கடனைச் சில மாதங்களில் அடைக்கும் அளவுக்கு உபரியும் இருந்திருந்தால், முதலில் அதை முடித்து 2,750-ஐ விடுவித்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அந்த விடுதலை ஓராண்டுக்கும் மேல் உங்களுக்குக் கைகொடுத்திருக்கும். இரண்டு கடன்களின் வட்டி இரண்டு மூன்று சதவீதத்துக்குள் அடுத்தடுத்து இருந்தாலும் சிறியதையே முதலில் முடிக்கலாம். கட்டாயத் தொகை 15,500-ஐத் தாண்டியிருந்தாலோ, எந்த வரிசையும் உதவாது. அப்போது அட்டை நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித்தரக் கேட்பது, தனிநபர் கடனின் காலத்தை நீட்டிக்கக் கேட்பது என்று, கட்டாயத் தொகையைக் குறைக்கும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும். உங்களுக்கு அந்த நிலை இல்லை. என்றாலும் அட்டை நிலுவையைத் தவணையாக மாற்றும் வசதி உங்களுக்கும் கிடைக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கட்டணத்தையும் சேர்த்து உண்மையான வீதம் 24-க்குக் கீழே வந்தால், வரிசை மாறி, தெரிந்தவரின் கடன் முதலிடத்துக்கு வரும்.

நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய அட்டவணை இதுதான். நான்கு வரிகளிலும் மாதக் கூட்டுத்தொகை 15,500-ஆக இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1 முதல் 6-ஆம் மாதம் வரை: அட்டை 5,950, தனிநபர் கடன் 6,000, சாமான் கடன் 2,750, தெரிந்தவருக்கு வட்டி 800.
7 முதல் 13-ஆம் மாதம் வரை: அட்டை 8,700, தனிநபர் கடன் 6,000, தெரிந்தவருக்கு வட்டி 800.
14-ஆம் மாதம்: அட்டையில் மீதமிருக்கும் சுமார் 3,590-ஐக் கட்டி முடித்து, தெரிந்தவருக்கு வட்டி 800-உம் அசலில் சுமார் 5,110-உம், தனிநபர் கடன் 6,000.
15-ஆம் மாதம் முதல்: தனிநபர் கடன் 6,000, தெரிந்தவருக்கு 9,500. 18-ஆம் மாதம் அது முடிந்ததும் 15,500-உம் தனிநபர் கடனுக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், பதினான்கு மாத அட்டைப் பட்டியல்களைக் கோப்பில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஒரு மாதம்கூட நாள் தவறியதில்லை; ஒவ்வொரு பட்டியலிலும் கட்டிய தொகையைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். 4,100, 4,000, 3,920, 3,830 என்று வட்டமிட்ட எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. பட்டியலில் அச்சிட்டிருந்த குறைந்தபட்சத் தொகையை ஒவ்வொரு மாதமும் அப்படியே கட்டியிருக்கிறார். தொகை குறைவதைப் பார்த்து, கடன் நன்றாகக் கரைகிறது என்று நம்பியிருந்தார். நிலுவை எழுதியிருந்த கட்டத்தை நான் விரலால் காட்டியபோதுதான், பதினான்கு மாதத்தில் அது கால்பங்கு அளவுக்கே குறைந்திருப்பதைக் கண்டார். மாதம் 3 சதவீத வட்டி ஏறி, 5 சதவீதம் கட்டப்படும்போது, நிலுவை மாதத்துக்கு 2 சதவீத அளவுதான் இறங்கும். அந்த வேகத்தில் கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். அவரிடம் ஒழுங்குக்குக் குறைவில்லை. பட்டியலில் இருந்த எண்ணைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. உங்கள் பட்டியலிலும் அந்த எண் மாதா மாதம் இறங்கும். அதை அபராதத்தைத் தவிர்க்கும் எல்லையாக மட்டும் பாருங்கள். கட்ட வேண்டியது 5,950, ஏழாம் மாதத்திலிருந்து 8,700.

திட்டம் சரியாகப் போகிறதா என்று அறிய, அட்டையின் நிலுவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் மாதம் கட்டிய பிறகு 69,000, ஆறாம் மாதம் 57,000, ஒன்பதாம் மாதம் 35,400, பன்னிரண்டாம் மாதம் 11,800 என்ற அளவில் இருக்க வேண்டும். வட்டி நாள்கணக்கில் போடப்படுவதால் சில நூறு ரூபாய் முன்பின் இருக்கலாம். ஓராயிரத்துக்குமேல் கூடுதலாக இருந்தால், புதிய கொள்முதலோ ஆண்டுக் கட்டணமோ தாமதக் கட்டணமோ நுழைந்திருக்கிறது என்று பொருள். பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். அட்டையை இந்தப் பதினான்கு மாதமும் எதற்கும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கிறது. பழைய நிலுவை இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாள்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். மாதக் கடைசியில் கட்டிவிடலாம் என்ற பழைய வழக்கம் இப்போது உங்களுக்கு உதவாது. தானாகப் பணம் எடுக்கும்படி அந்த அட்டையில் ஏதாவது சந்தாக்கள் இணைந்திருந்தால், அவற்றை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

நாள்கணக்கில் வட்டி ஏறுவதால், அட்டைக்கான பணத்தைக் கடைசித் தேதிவரை வைத்திராமல் சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள். 5,950 ரூபாயைப் பதினைந்து நாள் முன்னதாகக் கட்டினால் மிச்சம் 90 ரூபாய் அளவுதான். ஆனால் இடையில் வேறு செலவுக்குப் போய்விடாமல் இருப்பதுதான் பெரிய லாபம்.

எதிர்பாராத செலவு வந்தால் முதலில் ஒதுக்கி வைத்த கணக்கிலிருந்து எடுங்கள். நான்கு மாதத்தில் அங்கே 6,000 சேர்ந்திருக்கும். அதுவும் போதாவிட்டால், அந்த ஒரு மாதம் அட்டைக்குக் கூடுதலாகப் போகும் தொகையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடனின் கட்டாயத் தொகையையும் தவறவிடாதீர்கள். ஒரு மாத உபரியை நிறுத்துவதால் திட்டம் சில நாள்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரு தவணையைத் தவறவிட்டாலோ அபராதமும் கூடுதல் வட்டியும் சேர்ந்து, அடுத்த மாதத்தின் கட்டாயத் தொகையையே உயர்த்திவிடும்.

தெரிந்தவரிடம் இரண்டு செய்திகளை இப்போதே பேசிவிடுவது நல்லது. பதின்மூன்றாம் மாதம்வரை வட்டி மட்டுமே வரும், அசல் அதன்பிறகுதான் வரும் என்பது ஒன்று. அசலைப் பகுதி பகுதியாகக் கொடுத்தால், கொடுத்த பகுதிக்கு வட்டியை நிறுத்திக்கொள்வாரா என்பது இன்னொன்று. மீதிக்கு மட்டும் வட்டி வாங்கிக்கொள்ள அவர் சம்மதித்தால் மேலே எழுதிய அட்டவணை அப்படியே நடக்கும். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் தேதி, தொகை, மீதி அசல் மூன்றையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். முழுத்தொகையாகத்தான் வேண்டும் என்றாலும் கவலையில்லை. பதினான்காம் மாதத்தின் 5,110-உடன், அடுத்த நான்கு மாதமும் வட்டி 800 போக மீதி 8,700-ஐத் தனியே சேர்த்தால், பதினெட்டாம் மாதம் கையில் 39,900 இருக்கும். அவருக்கே திடீரென்று பணம் தேவைப்பட்டு உடனே திருப்பிக் கேட்டால் மட்டும் வரிசையை மாற்றி, உபரியை அட்டையிலிருந்து அவர் பக்கம் திருப்ப வேண்டிவரும். அப்போது நண்பரின் வழிக்கு ஆகும் அதே 4,600-க்குள்தான் உங்கள் இழப்பு இருக்கும்.

தனிநபர் கடனைப் பற்றிய முடிவைப் பதினெட்டாம் மாதம் எடுத்தால் போதும். அப்போது அதில் சுமார் 65,900 நிற்கும். மாதம் 6,000 வீதமே விட்டால் இன்னும் பன்னிரண்டு மாதம் ஓடி, 5,400 அளவில் வட்டி பிடிக்கும். 15,500 வீதம் கட்டினால் ஐந்து மாதத்தில் முடிந்து, வட்டி 2,300-க்குள் நிற்கும். மிச்சம் 3,000-ஐச் சற்றுத் தாண்டும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா, பகுதித் தொகையை ஏற்பார்களா என்பது உங்கள் கடன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கட்டணம் அந்த 3,000-ஐ நெருங்கினால், தவணையை மட்டும் கட்டி மீதி 9,500-ஐச் சேமிப்பில் போடுங்கள். கட்டணம் இல்லையென்றால் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு முறையும், தொகையை அசலில் வரவு வைத்துக் காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்காவிட்டால், அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக அது கணக்கில் கிடந்துவிடக்கூடும். அப்போது பணம் போய்விடும், வட்டி குறையாது. கட்டிய அடுத்த வாரமே கணக்கு விவரத்தை வாங்கி, நிலுவை அசல் அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.